குரைக்காத நாயும் கடந்தகாலமும்

துப்பறியும் கதையில் குற்றம் முதலில் நடக்கிறது. துப்பறிபவர் பிறகுதான் வருகிறார். ஆங்கிலத்தின் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' காலத்தைப் பதின்வயதினருக்குப் பழக்க இந்த முன்பின் வரிசை நன்றாக உதவும். கானன் டாயில் 1892-இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையை எடுத்துக்கொள்வோம். நடந்த வரிசையில் சொன்னால் இப்படி: லாயத்துப் பையனின் கறிக்குழம்பில் யாரோ அபின் கலந்தார். பையன் மயங்கினான். குதிரை காணாமல் போனது. ஹோம்ஸ் வந்தார்.

இப்போது மாணவர்கள் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும்: "ஹோம்ஸ் லாயத்துக்கு வந்தார். குதிரை காணாமல் போயிருந்தது. பையன் சாப்பிட்ட குழம்பில் யாரோ அபின் கலந்திருந்தார்." ஹோம்ஸின் வருகை சாதாரண இறந்தகாலம். அதற்கு முந்தைய தடயங்களுக்குத் தமிழில் 'இருந்தது'. ஆங்கிலத்தில் 'ஹேட்', கூடவே வினையின் மூன்றாம் வடிவம்.

பலர் உற்சாகத்தில் எல்லா வினைகளிலும் 'ஹேட்' போட்டுவிடுவார்கள். ஹோம்ஸ் வந்ததும் கேள்வி கேட்டதும்கூடப் பின்னுக்குப் போய், கதை நகராமல் நின்றுவிடும். 'இது ஹோம்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதா?' என்று ஒவ்வொரு வினையிடமும் கேட்டால் பிழை தெரியும்.

சுவையான இடம் நாய். அன்றிரவு அது குரைக்கவில்லை. வந்தவர் அதற்குப் பழக்கமானவர். நடக்காததும் தடயம்தான், ஆகவே ஆங்கிலத்தில் அதற்கும் 'ஹேட் நாட்' வரும். தமிழில் 'குரைத்திருக்கவில்லை' என்பது காதில் இடிக்கிறது; 'அன்றிரவு நாய் குரைக்கவில்லை' என்றாலே காலம் விளங்கிவிடும்.