எதுகை வேண்டாம், ஒரே ஒரு காட்சி போதும்! பொங்கல் வாழ்த்தைப் புதுக்கவிதையாக எழுதுவது எப்படி?

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வாழ்த்து அட்டை வேலை தொடங்கிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க, குரூப்பில் அனுப்ப என்று ஒரே நாளில் இருபது அட்டைகளுக்கு வரிகள் எழுத வேண்டும். பன்னிரண்டாவது அட்டையில் ஒரு விஷயம் கவனித்தேன். மங்கலம், தங்கும், எங்கும், பொங்கும். இந்த நான்கு சொற்களையும் இடம் மாற்றி மாற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வரிகளையே என் அத்தைக்கும் அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தேன். விரல் நின்றுவிட்டது. மாமா போன ஆடியில் இறந்துபோனார். வீட்டில் ஒருவர் தவறினால் அந்த ஒரு வருஷம் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை இந்தத் தையில் பானை வைக்கப்போவதில்லை. அவரிடம் 'இன்பம் பொங்கட்டும், மங்கலம் தங்கட்டும்' என்று எப்படிச் சொல்வது? எதுவும் அனுப்பாமல் விடுவதும் சரியாகப் படவில்லை.

அந்த ஒரு வாழ்த்தை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. எப்படி எழுதினேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்கு ஒன்று எழுதலாம்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது யார்?

இரண்டாவது எழுத்து ஒத்து வந்தால் எதுகை. 'பொங்கல்' என்று தொடங்கினால் அடுத்த வரியின் முதல் சொல்லிலும் இரண்டாவது எழுத்தாக 'ங்' வேண்டும். தமிழில் அப்படி வாழ்த்துக்குத் தோதான சொற்கள் கொஞ்சம்தான்: தங்கம், மங்கலம், எங்கும், சங்கு. அதனால் யார் எழுதினாலும் அதே சொற்கள் வந்து நிற்கின்றன. நாம் என்ன சொல்ல நினைத்தோம் என்பதை எதுகையே முடிவு செய்துவிடுகிறது. வரிக் கடைசியில் 'கட்டும், கட்டும்' என்று முடிகிற இயைபும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மரபுக் கவிதையில் இது குறையில்லை. அங்கே சீர், தளை, தொடை எல்லாம் சேர்ந்து ஓசையைத் தாங்கும். நாம் அனுப்பும் நாலு வரி வாழ்த்தில் அந்தக் கட்டுமானம் எதுவும் இல்லாமல் எதுகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

1930-களில் 'மணிக்கொடி' இதழில் ந.பிச்சமூர்த்தி எழுதிப் பார்த்ததும், 1959-ல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை வளர்த்ததும் யாப்பு இல்லாத கவிதையைத்தான். யாப்பை விட்டுவிட்டால் கவிதையை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும். அப்படித் தாங்குகிறவற்றில் முக்கியமானது படிமம். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காட்சியே அர்த்தத்தையும் சுமந்து நிற்பதைப் படிமம் என்கிறோம்.

காட்சியை எங்கே தேடுவது?

பொங்கல் என்றதும் மனதில் வருகிற பத்துப் பொருள்களை ஒரு தாளில் எழுதினேன். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, சூரியன், கோலம், புது அரிசி, வெல்லம், மாடு, மாவிலை, பால் பொங்குவது. பத்தையும் அடித்துவிட்டேன். இவை தப்பான சொற்கள் இல்லை. ஆனால் எல்லா அட்டையிலும் இருக்கின்றன. படிக்கிறவரின் கண் அவற்றின் மேல் நிற்காமல் நழுவிவிடும்.

அடுத்து, பொங்கலை விட்டுவிட்டு அத்தை வீட்டை நினைத்தேன். போன பொங்கலுக்கு அங்கே நானும் இருந்தேன். கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்புக் கூட்டியது மாமாதான். கல் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றையும் காலால் அசைத்துப் பார்த்தார். தீபாவளிக்குப் பிறகு போனபோது அதே மூன்று கல்லும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தன. தீப்பட்ட பக்கம் மட்டும் கரி ஏறிக் கறுப்பாக இருந்தது. மழை பெய்து முடிந்திருந்தது. சுட்டு ஏறிய கரி வெறும் தண்ணீருக்குப் போகாது, இல்லையா?

இதுதான் என் காட்சி என்று தெரிந்துவிட்டது. மூன்று காரணங்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தையும் தினமும் பார்க்கிறார். இதுவரை எந்த அட்டையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

முதலில் உரைநடையாக எழுதுங்கள்

வரி உடைப்பதைப் பற்றி யோசிக்காமல், பேசுவதுபோல முழுசாக எழுதினேன்:

'அத்தை, போன வருஷம் மாமா அடுப்புக் கூட்டிய மூன்று செங்கல் இன்னும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஐப்பசி மழையில் வெளிப்பக்கம் சுத்தமாகிவிட்டது, உள்பக்கம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதுபோல மாமாவின் நினைவும் நம் மனதில் அழியாமல் இருக்கும். இரவு வானத்தில் நட்சத்திரமாக அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அடுத்த வருஷம் வைப்போம்.'

இனி வெட்டுகிற வேலை.

முதலில் 'அதுபோல மாமாவின் நினைவும்' என்ற வாக்கியம் போனது. கல்லில் இருக்கும் கறுப்பு ஏற்கெனவே அதைச் சொல்லிவிட்டது. 'அதுபோல' என்று விளக்கியதும் செங்கல் வெறும் உதாரணமாகிவிடுகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. காட்சியைக் காட்டிவிட்டு, புரிந்திருக்காதோ என்ற பயத்தில் அர்த்தத்தையும் சேர்த்து எழுதிவிடுவோம்.

அடுத்தது நட்சத்திரம். அது இரண்டாவது காட்சி. கொல்லையில் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவரைத் திடீரென்று வானத்தைப் பார்க்கச் சொல்கிறது. சின்னக் கவிதையில் இரண்டு படிமம் வந்தால் இரண்டுமே மங்கிவிடும்.

மூன்றாவதாக 'வருத்தப்படாதீர்கள்'. ஒருவருக்கு வருகிற வருத்தத்தை வராதே என்று நாம் சொல்ல முடியாது. அதையும் எடுத்தேன்.

வரியை எங்கே உடைப்பது?

யாப்பு இல்லாத கவிதையில் வரியின் முடிவுதான் மூச்சு விடும் இடம். ஒரு சொல்லை மட்டும் தனி வரியில் விட்டால் கண் அங்கே ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடி எந்தச் சொல்லுக்கு வேண்டும் என்று பார்த்து உடைக்க வேண்டும். எனக்கு அது 'உள்பக்கம்' என்ற சொல்லுக்கு வேண்டியிருந்தது.

அடுத்து வாய்விட்டுப் படித்தேன். என் வரைவின் முடிவு இப்படி இருந்தது: 'இந்தத் தை / சும்மா இருக்கட்டும் அத்தை.' தை, அத்தை! வேண்டாம் என்று ஒதுக்கிய இயைபு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. காது அந்தச் சத்தத்தின் பின்னால் போய்விடுகிறது, படிப்பவருக்குச் சிரிப்புகூட வரலாம். 'இந்தத் தை' என்பதை 'இந்தப் பொங்கலுக்கு' என்று மாற்றினேன்.

கடைசியாக, அதை என் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். இதை அவசியம் செய்யுங்கள். போன் திரை அகலம் குறைவு. வரி நீளமாக இருந்தால் நாம் உடைக்காத இடத்தில் திரை உடைத்துவிடும். அத்தை போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். அதனால் வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

அனுப்பியது இதுதான்:

மாமா அடுக்கிய
மூன்று செங்கல்
துவைக்கிற கல்லுக்குப்
பக்கத்திலேயே கிடக்கின்றன.

ஐப்பசி மழை
வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டது.
உள்பக்கம்
இன்னும் கறுப்பு.

இந்தப் பொங்கலுக்கு
சும்மா இருக்கட்டும் அத்தை.
அடுத்த வருஷம்
நான் அடுக்குகிறேன்,
கறுப்பு உள்ளே இருக்கும்படி.

வாழ்த்து எங்கே இருக்கிறது?

டெஸ்க்கில் சீனியர் அக்கா படித்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். காட்சி மட்டும் இருந்து, எதிரில் இருப்பவருக்கு நாம் எதுவும் தரவில்லை என்றால் அது வாழ்த்து ஆகாது. என் வாழ்த்து கடைசி மூன்று வரியில் இருக்கிறது. அடுத்த வருஷம் பானை ஏறும், நான் வருவேன், மாமா வைத்த மாதிரியே வைப்பேன். 'வாழ்த்துகள்' என்ற சொல் இல்லாமலே அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் காட்சியிலிருந்தே வாழ்த்தும் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். கல்லைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் 'நலமும் வளமும் பெருகட்டும்' என்று ஒட்டியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

சந்தோஷமான வீட்டுக்கு?

துக்க வீட்டுக்கு மட்டும்தானா என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தோழிக்கு இந்த முறை லீவு கிடைக்கவில்லை. குக்கரில்தான் பொங்கல் வைக்கப்போகிறாள். அவளுக்குப் பத்து நிமிஷத்தில் எழுதியது இது:

உன் குக்கருக்குள்
பொங்குவது
வெளியே தெரியாது.
மூன்றாவது விசிலுக்கு
போன் பண்ணு,
இங்கிருந்து நான்
'பொங்கலோ பொங்கல்' கத்துகிறேன்.

இதிலும் காட்சி ஒன்றுதான். மூடிய குக்கர். கேலியும் பாசமும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள்

* இதில் 'பொங்கல்' என்பதை எடுத்துவிட்டு 'தீபாவளி' என்று போட்டாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் காட்சி இன்னும் கிடைக்கவில்லை.
* இதே வரிகளை இன்னொருவருக்கும் அனுப்ப முடியுமா? முடிந்தால் அவரை நீங்கள் இன்னும் சரியாக நினைத்துப் பார்க்கவில்லை.
* கடைசி வரியை எடுத்துவிட்டால் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது விளக்கம்தான். எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வியில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இந்த மாதிரி வாழ்த்தை நூறு பேர் இருக்கும் குரூப்பில் போட முடியாது. அங்கே செங்கல் யாருக்கும் புரியாது. குரூப்புக்கு மங்கலமும் தங்கமுமே போதும். வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இப்படி எழுதுங்கள்.

அத்தைக்கு அனுப்பி இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. தப்பாக எழுதிவிட்டோமோ என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"கல்லு இப்ப அங்க இல்லடி. மழையில நனைஞ்சுகிட்டே கெடக்குதேன்னு தாழ்வாரத்துல எடுத்து வெச்சிட்டேன். வர்றப்ப அங்க தேடாத."