தொடையில் அரை மில்லி

காலில் சீழ்ப்புண்ணோடு நாற்பது வயதுக்காரர் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாயிற்று, தடிப்பு எதுவும் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் மருந்து நரம்பு வழியாக ஏறுகிறது. மூன்றாவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: "சிஸ்டர், என்னமோ பண்ணுது. வயித்தைப் புரட்டுது. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அவரை எழுந்திருக்க விடக்கூடாது. நர்ஸிங் மாணவி முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

காரணம் ரத்த நாளங்களில் இருக்கிறது. உடலுக்கு ஒவ்வாத மருந்து உள்ளே போனதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டுகின்றன. நாளங்கள் விரிகின்றன, கசிகின்றன. பத்தே நிமிடத்தில் ரத்த ஓட்டத்திலுள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை வெளியேறிவிடலாம். அந்த நிலையில் ஒருவர் எழுந்து நின்றால் மிச்சமிருக்கும் ரத்தமும் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது நின்றுபோகும். கழிப்பறைக்கு நடந்தவர் வாசலிலேயே சுருண்டு விழுவது இதனால்தான். படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் கால் நீட்டியபடி உட்காரலாம். கர்ப்பிணி இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும்.

ஆனால் இவர் உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லையே? மாணவிகள் தடுமாறும் இடம் இது. பத்துப் பேரில் ஓரிருவருக்குத் தோலில் எதுவும் தெரியாமலே அனாபிலாக்சிஸ் வரும். டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதம் ஆகாது; அதை நம்பி அசட்டையாக இருப்பது நம் ஊர் வார்டுகளின் பழைய பழக்கம். ஊசி ஏறிய சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்தாலோ, நெஞ்சில் வீஸிங் கேட்டாலோ, குரல் கம்மினாலோ, அந்த ஒன்றே போதும். ஊசிக்குப் பயந்து மயங்குகிறவருக்கும் அழுத்தம் குறையும்தான். ஆனால் அவருக்குப் பெரும்பாலும் நாடி மெதுவாக ஓடும், படுக்க வைத்ததும் தெளிந்துவிடுவார். இவருக்கோ நாடி 130, அழுத்தம் 80/50, படுத்தும் ஏறவில்லை.

மருந்தை நிறுத்தி, உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, கை போக வேண்டிய இடம் அட்ரினலின் ஆம்பியூல். பல இடங்களில் கை முதலில் அவில் ஊசிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் போகிறது. அவில் அரிப்பை அடக்கும். சரிந்த அழுத்தத்தையோ அடைபடும் தொண்டையையோ அது காப்பாற்றாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் பிடிக்கும். நாளங்களைச் சுருக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுப்பது அட்ரினலின் ஒன்றுதான்.

ஒரு மில்லி ஆம்பியூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு அதில் பாதி, அதாவது அரை மில்லி, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அவசரத்தில் பேண்ட் துணிக்கு மேலாகவே குத்தலாம். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி: 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி. இந்தச் சின்ன அளவுக்கு ஒரு மில்லி சிரிஞ்சுதான் சரி.

கையில் தோலுக்கடியில் போட்டால் என்ன? 1998இல் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்டச் சராசரியாக 8 நிமிடம் ஆயிற்று. தோலுக்கடியில் போட்டதற்கு 34 நிமிடம். நரம்பில் ஏற்றப்பட்ட மருந்தால் வரும் அனாபிலாக்சிஸ் ஐந்து நிமிடத்திலேயே இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக நரம்பிலேயே ஏற்றிவிடலாம் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. இதயம் நின்றவருக்கு முழு ஒரு மில்லிகிராமை நரம்பில் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்துவிடுவதுண்டு. துடிக்கும் இதயத்துக்கு அது தாறுமாறான துடிப்பையும் மாரடைப்பையும் கொண்டுவரலாம். அனாபிலாக்சிஸில் நரம்பு வழி அட்ரினலின், மானிட்டரோடு நிற்கும் அனுபவமுள்ள மருத்துவரின் வேலை.

முதல் ஊசி போட்ட நேரத்தை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். நம் நோயாளிக்கு முகமூடி வழியே ஆக்சிஜன், கூடவே ஒரு லிட்டர் நார்மல் சலைன் வேகமாக. ஐந்து நிமிடம் கழித்தும் அழுத்தம் 84தான். அப்போது தயங்காமல் அதே அளவு இன்னொரு முறை, மற்றத் தொடையில். அதன் பிறகு 104 ஆகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். அது அட்ரினலினின் விளைவு, தானே அடங்கும்.

நன்றாக இருக்கிறார் என்று உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. சில மணி நேரம் கழித்து, மருந்து மறுபடி படாமலே, இரண்டாவது அலை வரக்கூடும். இரண்டு ஊசி தேவைப்பட்டவரைக் குறைந்தது ஆறு மணி நேரமாவது கண்காணிப்பார்கள். அதற்குள் கேஸ் ஷீட்டின் முகப்பில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அதையே ஒரு சீட்டிலும் எழுதி அவர் மனைவியிடம் கொடுத்து, இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொல்ல வேண்டும்.