காசு போன வழி – 9: மிச்சத்தில் ஒளிந்திருப்பது

கூகுளின் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ், தேடல், ஷாப்பிங், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் எனப் பல இடங்களுக்கும் ஒரே பட்ஜெட்டைத் தானே பிரித்துக்கொள்ளும் என்று போன வாரம் பார்த்தோம். கடையின் பெயரையே தேடி வருபவர்களிடம் போகும் பணத்தை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒரு கழித்தல் கணக்கு குறுக்கே வந்துவிட்டது.

2021-இல் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் எல்லா விளம்பரதாரர்களுக்கும் வந்த பிறகு, நெடுநாள் வரை எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் `MIXED` என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும். ஆனால் ஒரு கதவு மட்டும் திறந்தே இருந்தது. பொருள்பட்டியலை இணைத்திருக்கும் கடை, எந்தப் பொருளின் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது என்று அறிக்கையில் பார்க்கலாம். அவற்றைக் கூட்டி மொத்தச் செலவிலிருந்து கழித்தால், மிச்சம் எழுத்து, படம், வீடியோ விளம்பரங்களுக்குப் போனது.

ஒரு புடவைக் கடை மாதம் 1,00,000 ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் அறிக்கையின் கூட்டுத்தொகை 72,000. மிச்சம் 28,000. இதில் பதற ஒன்றுமில்லை. நல்ல விற்பனை என்று கடைக்காரர் பட்ஜெட்டை 2,00,000 ஆக்குகிறார். இப்போது பொருள் கூட்டுத்தொகை 84,000, மிச்சம் 1,16,000. அதாவது புதிதாகப் போட்ட ஒரு லட்சத்தில் 12,000 மட்டுமே பொருள் விளம்பரத்துக்குப் போனது. 88,000 மிச்சத்தில் விழுந்தது. ஷாப்பிங்கில் வாங்க வருபவர்கள் ஓரளவுக்கு மேல் இல்லாதபோது, பணம் வேறு இடம் தேடிப் போகிறது. மொத்த வருமான விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கொஞ்சம் சரிந்ததாகவே தோன்றும். கூடுதலாகப் போட்ட லட்சம் என்ன சம்பாதித்தது என்று தனியே கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பட்ஜெட்டை ஏற்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. பொருள் படங்கள் ஜிமெயிலிலும் யூடியூபிலும் கூடத் தோன்றும். ஆகவே அந்த 72,000 முழுக்க ஷாப்பிங் பணம் அல்ல. எந்தெந்தத் தளத்தில், செயலியில் விளம்பரம் தோன்றியது என்று காட்டும் பட்டியலையும் நம்பிவிட முடியாது. அதில் இருப்பது தோன்றிய எண்ணிக்கை, செலவு அல்ல. ஒரு விளையாட்டுச் செயலி அதில் முதலிடத்தில் நின்றாலும், உங்கள் காசு அங்கேதான் கரைந்தது என்று பொருளல்ல.

2025-இல் வரத் தொடங்கிய Channel performance அறிக்கை இடம்வாரியாகச் செலவைச் சொல்கிறது. பொருள் விளம்பரத்தையும் தனியே காட்டுகிறது. ஆனால் தேடல் என்ற வரிசையில், கடையின் பெயரைத் தட்டியவரும் ‘பட்டுப் புடவை’ என்று தட்டியவரும் ஒன்றாகவே நிற்கிறார்கள். அவர்களைப் பிரிக்கும் வேலைதான் அடுத்த வாரம்.