நோயாளிப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்கும் கடிதம்

அலுவல் கடிதம் என்றதும் முகவரி, தேதி, தலைப்பு, "இக்கண்" என்ற வடிவத்தைச் சரியாகப் போட்டுவிடுகிறோம். ஆனால் கருத்துக்கான புள்ளிகள் போவது உள்ளே, "என்ன வேண்டும்" என்று சொல்லும் இடத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

கெமாஸ் தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒரு மாணவி, நீரிழிவால் காலில் புண் வந்து சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெமாஸ் தம்பின் மாவட்டத்தில் இருப்பதால், தம்பின் மருத்துவமனை இயக்குநருக்குக் கடிதம் எழுதுகிறார். முதல் வரைவில், "எல்லா நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளையும் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று எழுதினார். இப்படிக் கேட்டா எந்த இயக்குநரும் தயங்குவார். எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்தத் தகவல், எதுவுமே இல்லையே!

திருத்திய பகுதி இதோ:

2. 2021 சனவரி முதல் 2023 டிசம்பர் வரை காற்புண்ணுக்காகச் சேர்க்கப்பட்ட, 18 வயது நிரம்பியவர்களின் பதிவேடுகள் மட்டுமே தேவை.

3. வயதுப் பிரிவு, பாலினம், சேரும்போது புண்ணுக்கு எத்தனை நாள், வார்டில் இருந்த நாள்கள், சிகிச்சையின் முடிவு ஆகிய ஐந்து தகவல்களை மட்டும் குறித்துக்கொள்வேன்.

4. பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றை எடுக்கமாட்டேன். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மருத்துவமனையிலேயே இருக்கும்.

நான்காம் பத்தி எதுக்கு? பெயரை மறைத்தால் போதாதா? போதாது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். அதோடு, கெமாஸ் சின்ன ஊர். "இன்ன தோட்டம், 61 வயது, பெண், கால் எடுக்கப்பட்டவர்" என்று எழுதினாலே அக்கம்பக்கத்தார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் சரியான வயதுக்குப் பதில் "60 முதல் 69 வரை" என்று கேட்கிறார்; தோட்டத்தின் பெயரைக் கேட்கவே இல்லை.

இன்னொன்று. இயக்குநர் சம்மதித்தவுடன் வேலையைத் தொடங்கிவிட முடியாது. சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால், ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் (nmrr.gov.my) பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும். நோயாளியிடம் தனித்தனியாகச் சம்மதம் வாங்காமல் பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று முடிவு செய்வதும் அந்தக் குழுதான். ஆகவே கடிதத்தின் இறுதியில், "குழுவின் ஒப்புதல் கிடைக்கும் முன் எந்தப் பதிவேட்டையும் திறக்கமாட்டேன்" என்ற வரி இருக்கட்டும்.

உண்மையில் இக்கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ போகும். தமிழ் வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்கும்போது, மாணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தத் தகவல் இல்லாமல் உன் ஆய்வு நடக்குமா?" நடக்கும் என்றால், அந்த வரியை அடித்துவிடலாம்.