ஸ்லைசர் சொல்லும் நேரம் ஏன் பொய்த்துப்போகிறது?

3டி பிரிண்டரில் ஒரு பொருளை அச்சிடுமுன், ஸ்லைசர் மென்பொருள் அதை அடுக்கடுக்காக வெட்டி, நாசில் ஓட வேண்டிய பாதையை எழுதித் தருகிறது. கூடவே, எவ்வளவு நேரமாகும் என்றும் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்று அது சொன்ன வேலை நான்கைத் தாண்டினால், பலர் வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஏனென்றால் இங்கே கணக்கைத் தீர்மானிப்பது முடுக்கம்.

நாசில் நின்ற நிலையிலிருந்து சட்டென முழு வேகத்தை எட்டாது. வேகம் வினாடிக்கு 100 மி.மீ., முடுக்கம் 500 மி.மீ./வி² என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தைப் பிடிக்கவே 10 மி.மீ. ஓட வேண்டும், நிற்க இன்னொரு 10 மி.மீ. வேண்டும். 100 மி.மீ. கோட்டுக்குத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் 1 வினாடி. உண்மையில் ஆவது 1.2. ஆனால் 10 மி.மீ. கோட்டில் 0.1 வினாடி வர வேண்டிய இடத்தில் 0.28 ஆகிறது. பாதி வழியிலேயே வேகத்தைத் தணிக்க வேண்டியிருப்பதால், நாசில் 71 மி.மீ.யைத் தாண்டுவதே இல்லை. வேகத்தை 200 ஆக்கினாலும் அதே 0.28தான். அதோடு முடுக்கத்தையும் 2000 ஆக்கினால் 0.14 ஆகக் குறையும். திருப்பங்களில் நாசில் முழுதாக நிற்பதில்லை என்பதால் நடைமுறையில் இழப்பு சற்றுக் குறையும். ஆனாலும் நுணுக்க வேலைப்பாடுள்ள பொருள்களில் இதுவே பெரும்பங்கு.

அடுத்தது, இழையைப் பிழியாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் டிராவல் ஓட்டம். 30 மி.மீ. தாவலை 150 மி.மீ. வேகத்தில் வகுத்தால் 0.2 வினாடி. 500 முடுக்கத்தில் ஆவது 0.49. இழை கசியாமலிருக்க 5 மி.மீ. பின்னிழுத்து, போய்ச் சேர்ந்ததும் திரும்பத் தள்ள, 40 மி.மீ. வேகத்தில் 0.25 வினாடி கூடும். அடுக்குக்கு 20 தாவல், 200 அடுக்கு என்றால், 13 நிமிடமாகத் தெரிந்தது ஏறத்தாழ 49 நிமிடம் ஆகிறது.

இன்றைய ஸ்லைசர்கள் முடுக்கத்தையும் கணக்கில் சேர்க்கின்றன. ஆனால் அவை நம்புவது தம் அமைப்பில் எழுதியிருக்கும் எண்களை. பிரிண்டரின் ஃபர்ம்வேரில் வேறு எண் இருந்தால் கணக்கு தவறும். மார்லின் ஃபர்ம்வேர் உள்ள பிரிண்டருக்கு இந்தக் கட்டளையை அனுப்பிப் பாருங்கள்:

```
M503
```

வரும் பதிலில் `M201` வரி ஒவ்வொரு அச்சின் முடுக்க உச்சவரம்பு. `M204` வரியில் P என்பது அச்சிடும் முடுக்கம், T என்பது டிராவல் முடுக்கம். புரூசாஸ்லைசரில் `Machine limits` பக்கத்தில் இதே எண்களை எழுதினால் மதிப்பீடு நெருங்கி வரும்.

எழுதிய பிறகு, பெரிய வெற்றுப் பெட்டி ஒன்றையும், சிறு தூண்கள் பல கொண்ட பொருள் ஒன்றையும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு நிமிடங்கள் கூடினால், அது சூடேற்றும் நேரம். தூண்களில் மட்டும் வித்தியாசம் பெருகினால், முடுக்கமோ பின்னிழுப்போ இன்னும் பொருந்தவில்லை என்று அறியலாம். நேரத்தை மிச்சப்படுத்த ஃபர்ம்வேரின் முடுக்கத்தையே உயர்த்துவதற்கும் எல்லை உண்டு: மூலைகளை ஒட்டி அலையலையாகத் தடம் விழுந்தாலோ, அடுக்குகள் பக்கவாட்டில் நகர்ந்தாலோ அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம்.