மார்ச் 31: இந்த விற்பனை எந்த ஆண்டுக் கணக்கு?

மார்ச் 31 நெருங்கும்போது விற்பனை இலக்கை எட்டும் அவசரத்தில் பில்கள் குவியும். அவற்றில் எது இந்த ஆண்டைச் சேர்ந்தது, எது அடுத்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஆடிட்டர் பிரித்துப் பார்ப்பதே 'கட்-ஆஃப்' சோதனை.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். வாங்குபவரின் கிடங்கில் சரக்கை ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மார்ச் 30-ல் 10 லட்ச ரூபாய்க்கு பில் போட்டு லாரியில் நூலை ஏற்றினார்கள். லாரி போய்ச் சேர்ந்ததோ ஏப்ரல் 2. பில் தேதியை மட்டும் பார்த்து இந்த ஆண்டு விற்பனையில் சேர்த்தால் தவறு. 8 லட்சம் அடக்கவிலையுள்ள அந்த நூல், மார்ச் 31 அன்று ஆலையின் இருப்பிலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லாபம் 2 லட்சம் கூடுதலாகத் தெரியும்.

கொள்முதலில் தவறு இன்னும் பெரிதாகலாம். மார்ச் 29-ல் வந்திறங்கிய 6 லட்ச ரூபாய்ப் பஞ்சை இருப்பில் எண்ணிவிட்டார்கள். பில் ஏப்ரல் 5-ல் வந்ததால் கொள்முதலை அன்றுதான் பதிந்தார்கள். இருப்பு ஏறியது, செலவு ஏறவில்லை. லாபம் முழுதாக 6 லட்சம் உயர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க, இருப்பு எண்ணும் நாளிலேயே கடைசி டெலிவரி சலான், கடைசி சரக்கு வரவுச் சீட்டு ஆகியவற்றின் எண்களை ஆடிட்டர் குறித்துக்கொள்கிறார். அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சில சீட்டுகளை பில், லாரி ரசீது, கேட் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுகிறார். ஏப்ரலில் போட்ட கிரெடிட் நோட்டுகளையும் புரட்டுகிறார். மார்ச் கடைசியில் விற்றதாகக் காட்டிய சரக்கு திரும்பி வந்திருந்தால், அது அங்கே தெரிந்துவிடும்.