பாறையில் ஓர் உணவு வலை: அம்புகளை எப்படிப் படிப்பது?

உணவு வலைப் படம் ஒன்றைக் காட்டி, "இதில் ஓர் உயிரினத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதில்தான் வரும். அதைத் தின்று வாழ்ந்தது பட்டினி கிடக்கும், அதற்கு இரையாக இருந்தது பெருகும். இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்பதை 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரத்து முக்கா விரிகுடாவில் ஒருவர் நேரிலேயே செய்து பார்த்தார். அவர் பெயர் ராபர்ட் பெயின். 1966-இல் அவர் வெளியிட்ட உணவு வலைப் படம் சிறியது. ஆனால் ஒரு படத்தை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே அதை நம்பி நின்றுவிடக் கூடாது என்ற இரண்டையும் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாறைகள் ஏற்றத்தில் மூழ்கும், வற்றத்தில் வெளியே தெரியும். மேலே இருக்கும் வேட்டையாடி பைசாஸ்டர் என்ற நட்சத்திர மீன். அதற்கு இரையாகும் உயிரினங்கள் பாறையில் ஒட்டிக்கொண்டோ ஊர்ந்தோ வாழ்பவை. முதுகில் எட்டு ஓட்டுத் தகடுகள் கொண்ட கைட்டான், தொப்பி போன்ற ஓடுள்ள லிம்பெட் நத்தை, ஆளி, கொட்டலசு, காம்பு வைத்த இன்னொரு வகைக் கொட்டலசு ஆகியவை அவை. கூடவே தாய்ஸ் என்ற சிறு நத்தையும் உண்டு. அது ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்னும். ஆகவே அது வேட்டையாடியும்கூட, நட்சத்திர மீனுக்கு எப்போதாவது இரையும்கூட.

முதலில் அம்பின் திசை. உணவு வலையில் அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகும். மாணவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். "நட்சத்திர மீன் ஆளியைத் தின்கிறது" என்று வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, நட்சத்திர மீனிலிருந்து ஆளிக்கு அம்பு போட்டுவிடுவார்கள். அம்பு காட்டுவது தின்னும் செயலை அல்ல, ஆற்றல் போகும் வழியை. ஆளியின் உடலில் இருந்த ஆற்றல் நட்சத்திர மீனின் உடலுக்குப் போகிறது, எனவே அம்பின் முனை நட்சத்திர மீனைத் தொட வேண்டும். போட்டது சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எந்த அம்பும் வந்து சேராத பெட்டிகளைத் தேடுங்கள். அவை பாசிகளாகவோ தாவரங்களாகவோ, அதாவது சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் உற்பத்தியாளர்களாக இருக்க வேண்டும். (மட்கு தின்னிகள் உள்ள படத்தில் மட்கும் அப்படி ஒரு தொடக்கப் பெட்டியாக வரும்.) அந்த இடத்தில் ஒரு விலங்கு நின்றால், அம்பு தலைகீழாக இருக்கிறது, அல்லது அதன் உணவு படத்தில் வரையப்படவில்லை.

பெயினின் படத்தில் இந்த இரண்டாவது சங்கதி உண்மையாகவே நடக்கிறது. அவர் நட்சத்திர மீனிலிருந்து கீழ்நோக்கி ஓர் அடுக்குதான் முழுமையாக வரைந்தார். அதற்கும் கீழே இருப்பதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைட்டானும் லிம்பெட்டும் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. ஆளியும் இருவகைக் கொட்டலசுகளும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பவை. ஒரே பாறையில், அடுத்தடுத்து வாழ்கிறவற்றுக்கு இரண்டு வேறு வாசல்கள் வழியாக ஆற்றல் வருகிறது. ஒன்று பாறை, மற்றொன்று கடல்நீர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது அம்பின் கனம். வெறும் கோடாக வரைந்த படத்தில் எல்லா அம்புகளும் ஒரே அளவு முக்கியமானவை போலத் தோன்றும். பெயின் ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு எண்களை எழுதினார். நட்சத்திர மீன் தன் வயிற்றையே வெளியே தள்ளி இரையின் மேல் வைத்துச் செரிக்கும். அதனால் வற்றத்தின்போது அதைத் திருப்பிப் பார்த்தால் என்ன தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படிக் கணக்கெடுத்த இரைகள் 1049. அவற்றில் 63 சதவீதம் கொட்டலசு, 27 சதவீதம் ஆளி, 3 சதவீதம் மட்டுமே கைட்டான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நட்சத்திர மீன் கொட்டலசை நம்பி வாழ்கிறது என்று முடிவுகட்டிவிடுவோம். இரண்டாவது எண், கலோரியில் கணக்கிட்ட பங்கு. அதில் கொட்டலசு 12 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆளி 37 சதவீதம். நூற்றுக்கு மூன்று முறை மட்டுமே கிடைக்கும் கைட்டான் 41 சதவீதம்! ஒரு கொட்டலசு ஒரு சிட்டிகைச் சதை, ஒரு கைட்டான் ஒரு முழுச் சாப்பாடு. எனவே ஆற்றல் ஓட்டத்தைப் படிக்கும்போது அம்பின் மேல் உள்ள எண் எதை எண்ணியது என்று முதலில் கேட்க வேண்டும்.

கலோரியில் மீதிப் பங்குகள் சின்னவை. லிம்பெட் 5, காம்புக் கொட்டலசு 3, தாய்ஸ் 2 சதவீதம்.

இப்போது ஊட்ட மட்டம். பாசிக்கும் மிதவைத் தாவரங்களுக்கும் மட்டம் 1. அவற்றைத் தின்பவை 2. அவற்றைத் தின்பவை 3. சங்கிலியில் இது எளிது. வலையில் ஓர் உயிர் பல மட்டங்களிலிருந்து தின்கிறது, அப்போது எந்த எண்ணைக் கொடுப்பது? அது தின்னும் ஒவ்வொரு இரையின் மட்டத்தையும் அந்த இரையின் பங்கால் பெருக்கிக் கூட்டி, அதோடு 1 சேர்க்க வேண்டும். நட்சத்திர மீனின் ஆற்றலில் 98 சதவீதம் மட்டம் 2-லிருந்து வருகிறது, 2 சதவீதம் மட்டம் 3-இல் உள்ள தாய்ஸிலிருந்து. 0.98 × 2 = 1.96, 0.02 × 3 = 0.06. கூட்டினால் 2.02, ஒன்றைச் சேர்த்தால் 3.02. (ஆளியும் கொட்டலசும் மிதக்கும் நுண்விலங்குகளையும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் உண்மையான எண் இதைவிடச் சற்றுக் கூடும்.) படத்தின் உச்சியில் இருப்பதால் அது நான்காம் மட்டம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. தாளில் எவ்வளவு உயரத்தில் வரைந்தார்கள் என்பது வரைந்தவரின் வசதி. மட்டம் அம்புகளிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொரு மட்டம் ஏறும்போதும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மேலே போகும் என்பது எல்லோரும் படித்த விதி. இது தோராயம்தான், இடத்துக்கு இடம் 5 முதல் 20 சதவீதம் வரை மாறும். மற்றது மூச்சுவிடுவதில் வெப்பமாகப் போகிறது, கழிவாகப் போகிறது, அல்லது தின்னப்படாமலே செத்து மட்குகிறது. விதியை நம் பாறையில் வைத்துப் பார்ப்போம். நட்சத்திர மீனின் உடலில் 1 கலோரி சேர, அது சுமார் 10 கலோரி இரை தின்றிருக்க வேண்டும். அந்த இரை உருவாக சுமார் 100 கலோரி பாசியும் மிதவையும் செலவாகியிருக்கும். அந்த நூறை இரண்டு வாசல்களுக்கும் பிரித்தால், கைட்டானும் லிம்பெட்டும் வழியாகப் பாறைப் பாசியிலிருந்து 46. ஆளி, கொட்டலசுகள், தாய்ஸ் வழியாகக் கடல்நீரிலிருந்து 54. (தாய்ஸ் வழியாக வருவது ஒரு படி கூடுதலாக ஏறி வருவதால் உண்மையில் அதற்கு இன்னும் அதிக மிதவை செலவாகியிருக்கும். பங்கு சிறியது என்பதால் இங்கே அதை விட்டுவிட்டேன்.) இந்த வேட்டையாடி இரண்டு வாசல்களிலிருந்தும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழ்கிறது.

சரி, இப்போது அதை எடுத்துவிடுவோம். படத்தை மட்டும் பார்த்துச் சொன்னால், இரைகள் அத்தனையும் பெருக வேண்டும். கலோரிக் கணக்கில் அதிகம் தின்னப்பட்ட கைட்டானுக்குத்தான் பெரிய விடுதலை. பெயின் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பாறைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த நட்சத்திர மீன்களைப் பெயர்த்துக் கடலில் வீசினார், திரும்பி வந்தவற்றையும் தொடர்ந்து அகற்றினார். பக்கத்துப் பகுதியை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவைத்தார். 1963 ஜூனில் தொடங்கியது. செப்டம்பருக்குள் ஒருவகைக் கொட்டலசு பாறையில் 60 முதல் 80 சதவீத இடத்தைப் பிடித்தது. இதுவரை கணிப்பு சரிதான். அடுத்த ஜூனுக்குள் ஆளியும் காம்புக் கொட்டலசும் வேகமாக வளர்ந்து அந்தக் கொட்டலசை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. பாசிகள் குறைந்தன. கைட்டானும் லிம்பெட்டும் பெருகவில்லை, குறைந்துகொண்டே போயின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. பக்கத்துப் பகுதி மாறவில்லை.

விடுதலை பெற வேண்டிய கைட்டான் ஏன் போயிற்று? அங்கே பற்றாக்குறை உணவில் இல்லை, இடத்தில். ஆளிக்கான உணவைக் கடல்நீர் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. ஒட்டிக்கொள்ளப் பாறைதான் வேண்டும். இடத்துக்கான போட்டியில் எல்லோரையும் வெல்வது ஆளி. நட்சத்திர மீன் ஆளியைத் தின்று பாறையில் வெற்றிடங்களை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் பாசி வளர்ந்தது, அந்தப் பாசியில்தான் கைட்டான் மேய்ந்தது. ஆளி பாறையை மூடியதும் பாறை வாசலின் பெரும்பகுதி அடைபட்டுவிட்டது. தன்னைத் தின்ற நட்சத்திர மீனால்தான் கைட்டானுக்கு மேய இடம் கிடைத்திருந்தது. இது எந்த அம்பிலும் இல்லை. நட்சத்திர மீன் தின்னாத ஒரு கடற்பஞ்சும், அந்தப் பஞ்சை மேயும் ஓடில்லாத கடல் நத்தையும்கூட அங்கே குறைந்தன. படத்தில் அவற்றுக்குப் பெட்டியே கிடையாது.

தாய்ஸ் நத்தை நட்சத்திர மீனின் வேலையைச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இதற்குப் படத்திலேயே பதில் உண்டு. தாய்ஸ் தின்ற இரைகளில் 95 சதவீதம் கொட்டலசு, ஆளி 5 சதவீதமே. இடத்தைப் பிடிக்கும் இனத்தை அது அதிகம் தொடுவதில்லை. ஆக, ஓர் இனத்தை எடுப்பதன் விளைவைக் கணிக்கும்போது அதற்கு எத்தனை அம்புகள், அவை எவ்வளவு தடிமன் என்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் இரைகளுக்குள் மற்றவற்றை வெளியேற்றும் வலு உள்ளது எது, அதை அடக்கிவைப்பது இந்த ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். 1969-இல் பெயின் இத்தகைய இனங்களுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் இன்று அதைத் திறவுகோல் இனம் என்றும் ஆதார இனம் என்றும் எழுதுகிறோம்.

அதற்காக எல்லா இடத்திலும் இந்த நட்சத்திர மீன் இதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரேகான் கடலோரத்தில் புரூஸ் மெஞ்சும் உடன் பணியாற்றியவர்களும் இதே நட்சத்திர மீனையும் ஆளியையும் ஆராய்ந்து 1994-இல் எழுதினார்கள். அலை நேராக மோதும் பாறைகளில் நட்சத்திர மீனின் பிடி பலமாக இருந்தது. அலை குறைந்த ஒதுக்குப்புறங்களில் அது பலவீனமாக இருந்தது. இரண்டு இடத்துக்கும் உணவு வலை வரைந்தால் நட்சத்திர மீனுக்கும் ஆளிக்கும் இடையில் அதே அம்புதான் வரும். ஆளிக்குஞ்சுகள் எவ்வளவு வந்து ஒட்டுகின்றன, எவ்வளவு வேகமாக வளர்கின்றன, மணல் வந்து பாறையை மூடுகிறதா என்பனவற்றில் விளைவு தங்கியிருக்கிறது. படத்தைப் படிப்பவர் இவற்றைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.